அந்த 1,032 ரூபாய் எங்கே போனது?

கோவையில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் மாதச் சம்பளம் 31ஆம் தேதி வர வேண்டியது, ஏப்ரல் 8ஆம் தேதிதான் வங்கிக் கணக்கில் விழுந்தது. அதுவும் முழுதாக இல்லை. பே ஸ்லிப்பில் மொத்தச் சம்பளம் 32,000, பி.எஃப். 1,800 போகக் கைக்கு வர வேண்டியது 30,200. பேங்க் ஸ்டேட்மென்ட்டில் இருந்ததோ 29,168.

கோபத்தில் "சம்பளம் குறைகிறது, பாருங்கள்" என்று ஒரு வரி மெயில் தட்டிவிடலாம். "செக் செய்கிறோம்" என்று பதிலும் வரும், அதோடு சரி.

அதைவிட, குறைந்த தொகையையே கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். 30,200இல் 29,168 போனால் 1,032. மொத்தச் சம்பளத்தை மார்ச்சின் 31 நாளால் வகுத்தாலும் அதே 1,032தான் வருகிறது. சரியாக ஒரு நாள் சம்பளம்! ஆக, யாரோ ஒரு நாளை 'லாஸ் ஆஃப் பே', அதாவது சம்பளமில்லா விடுப்பு என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் பே ஸ்லிப்பில் அந்தக் கட்டத்தில் பூஜ்யம். பெரும்பாலும் நடப்பது இதுதான்: விடுப்புக்கு ஒப்புதல் கிடைக்கும் முன்பே வங்கிக்கான பட்டியல் தயாராகிவிடும், பிறகு வருகைப் பதிவைத் திருத்தி பே ஸ்லிப்பை மட்டும் புதிதாக எடுப்பார்கள். பட்டியல் பழையபடியே போய்விடும். சில அலுவலகங்களில் 30ஆலோ 26ஆலோ வகுப்பார்கள் என்பதால், அந்தக் கணக்கையும் போட்டுப் பார்ப்பது நல்லது.

அவர் அனுப்பிய குறிப்பு இப்படி இருந்தது:

"வணக்கம். மார்ச் பே ஸ்லிப்பில் நிகரச் சம்பளம் ரூ.30,200. ஏப்ரல் 8 அன்று வரவானது ரூ.29,168. குறைவு ரூ.1,032, இது ஒரு நாள் சம்பளத்துக்குச் சமம். பே ஸ்லிப்பில் சம்பளமில்லா விடுப்பு 0 என்று உள்ளது. வங்கிப் பட்டியலில் ஒரு நாள் பிடிக்கப்பட்டதா என்று பார்த்து, மீதியை எந்தத் தேதியில் அனுப்புவீர்கள் என்று தெரிவிக்கவும். பே ஸ்லிப்பும், அந்த வரவும் அதன் யூ.டி.ஆர். எண்ணும் தெரியும் ஸ்டேட்மென்ட் பக்கமும் இணைத்துள்ளேன்."

தாமதத்துக்குத் தனியாக ஒரு பத்தி. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்கிறது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு. 8ஆம் தேதி அந்தக் கெடுவைத் தாண்டியது. 5ஆம் தேதி கடன் தவணை திரும்பி, வங்கி அபராதம் பிடித்திருந்தால் அதையும் இந்தப் பத்தியில் கேட்கலாம். 1,032 ரூபாயோடு சேர்த்து ஒரே தொகையாக்கினால், பேரோல்காரருக்கு எதுவும் ஒத்துப்போகாது.

பணம் திரும்பி வரும் விதத்தையும் கவனிக்க வேண்டும். மார்ச் பே ஸ்லிப்பே முழுச் சம்பளத்தைக் காட்டிவிட்டது. அதே தொகையை ஏப்ரல் பே ஸ்லிப்பில் 'அரியர்' என்று மறுபடியும் சேர்த்தால், இரண்டு நிதியாண்டுக் கணக்கிலும் அது வருமானமாக ஏறிவிடும். அதனால் அவர் கேட்டது, பே ஸ்லிப்பைத் தொடாமல் 1,032 ரூபாயைத் தனியாக வங்கியில் போடச் சொல்லித்தான்.