உங்களுக்குத் தெரியுமா? ஒற்றைத் தலைவலியைத் தடுக்க மாதம் ஒரு ஊசி

பெரியநாயக்கன்பாளையத்தில் ஷிப்டு மாறும் வாரத்தில் தூக்கமும் மாறும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு அதுவே போதும். ஞாயிறு இரவு கண் விழித்தால் திங்கள் காலை ஒரு பக்க நெற்றிப்பொட்டு தெறிக்க ஆரம்பித்துவிடும். வலி வந்த பிறகு மாத்திரை போடுவது நமக்குப் பழக்கம். வலி வராமலே தடுக்க 2018 முதல் ஒரு புது வகை ஊசி உலகில் புழக்கத்துக்கு வந்திருக்கிறது. மருத்துவர்கள் அதை ஆன்டிபாடி ஊசி என்கிறார்கள்.

கழுத்து ரத்தத்தில் கிடைத்த துப்பு

1990இல் பீட்டர் கோட்ஸ்பி, லார்ஸ் எட்வின்சன் என்ற இரு ஆய்வாளர்கள், ஒற்றைத் தலைவலி நடந்துகொண்டிருக்கும்போதே நோயாளிகளின் கழுத்துச் சிரையிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அதில் சி.ஜி.ஆர்.பி. என்ற சிறு புரதத்தின் அளவு ஏறியிருந்தது. முகத்துக்கும் மூளையுறைக்கும் உணர்வு தரும் ட்ரைஜெமினல் நரம்பு, தூண்டப்படும்போது இதைக் கக்குகிறது. ரத்தக் குழாய்கள் விரிகின்றன, வலிச் செய்தி மூளைக்கு ஓடுகிறது. இந்தப் புரதத்தை வெளியிலிருந்து உடம்பில் ஏற்றினால் ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு வலி வருகிறது என்பதும் பின்னர் தெரிந்தது. அந்தத் துப்பிலிருந்து முதல் ஊசியான எரனுமாப் அமெரிக்காவில் அனுமதி பெற 28 ஆண்டுகள் பிடித்தன. இந்த ஆய்வுக்காக 2021இல் கோட்ஸ்பி, எட்வின்சன் உள்ளிட்ட நால்வருக்கு மூளை ஆய்வுக்கான பிரெய்ன் பரிசு கிடைத்தது.

பஸ் சீட்டில் போட்ட துண்டு

எரனுமாப் செய்யும் வேலையை நம்ம ஊர் பஸ்ஸை வைத்துச் சொல்லிவிடலாம். சி.ஜி.ஆர்.பி. வந்து உட்கார வேண்டிய சீட்டில் இந்த ஊசி மருந்து முன்கூட்டியே துண்டு போட்டு வைத்துவிடுகிறது. வந்த புரதத்துக்கு உட்கார இடமில்லை, அதனால் வலிச் செய்தி கிளம்புவதில்லை. பிரீமனசுமாப், கால்கனசுமாப் போன்ற ஊசிகள் சீட்டைத் தொடுவதில்லை. புரதத்தையே வழியில் மடக்கிப் பிடித்துக்கொள்கின்றன.

ஆன்டிபாடி என்பது மிகப் பெரிய மூலக்கூறு. மூளைக்குள் அது அநேகமாகப் போவதில்லை. வெளியே மூளையுறையிலும் நரம்பு முடிச்சிலும் நின்றே வேலை செய்கிறது. அதனால்தான் பழைய தடுப்பு மாத்திரைகள் தரும் தூக்கக் கலக்கமும் மந்தமும் இதில் அதிகம் இல்லை. விழுங்கினால் வயிறு இதைச் சோற்றைப் போல் செரித்துவிடும், ஆகவே ஊசியாகத்தான் போட வேண்டும். உடம்பில் பாதி கரையவே சுமார் நான்கு வாரம் ஆவதால் மாதம் ஒன்று போதும்.

முடிவு செய்வது காலண்டர்

யாருக்கு இந்த ஊசி என்பதை ஸ்கேன் சொல்லாது. சுவரில் தொங்கும் காலண்டர்தான் சொல்லும். பொதுவான அளவுகோல், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், மாதத்தில் குறைந்தது நான்கு நாள் ஒற்றைத் தலைவலி வர வேண்டும் என்பது.

ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். ஆலையில் வேலை பார்க்கும் 34 வயதுப் பெண் ஒருவர். வலி வந்த நாளுக்கு ஒரு கோடு. வாந்தி உணர்வோ வெளிச்சக் கூச்சமோ சேர்ந்து வந்தால் அதன்மேல் ஒரு வட்டம். மாத்திரை போட்டால் பக்கத்தில் 'மா' என்று ஓர் எழுத்து. மாத முடிவில் 14 கோடு, 9 வட்டம், 12 'மா'.

இதில் மருத்துவரின் கண் முதலில் போவது அந்த 12இல். கடையில் வாங்கும் கலவை வலி மாத்திரையை மாதம் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால் அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும். தனி பாரசிட்டமால் என்றால் கணக்கு 15 நாள். எந்தத் தடுப்பு மருந்து கொடுத்தாலும் இதையும் கூடவே குறைத்தாக வேண்டும்.

அடுத்தது பழைய தடுப்பு மாத்திரைகள். இவருக்கு வீசிங் இருப்பதால் புரோப்ரனோலால் ஆகாது. அமிட்ரிப்டிலின் போட்டால் காலை ஷிப்டில் கண் சொருகுகிறது. டோபிரமேட்டில் விரல் நுனி மதமதத்து, பேச்சில் சொல் சிக்கவில்லை. இப்படி ஒன்றிரண்டு சரியான அளவில் இரண்டு மூன்று மாதம் போட்டும் பயனில்லை, அல்லது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஊசியின் பேச்சு வருகிறது. அமெரிக்கத் தலைவலிச் சங்கம் 2024இலேயே இந்த ஊசியை முதல் தெரிவாகவே தரலாம் என்று அறிவித்துவிட்டது. ஆனால் ஒரு ஊசிக்கே பல ஆயிரம் ரூபாய் கொடுக்க வேண்டிய நம் வீடுகளில், மலிவான மாத்திரையை முதலில் பார்ப்பதுதான் நியாயம் என்பேன்.

இவர்களுக்கு வேண்டாம்

கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இது வேண்டாம். குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் ஐந்தாறு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். மருந்து உடம்பைவிட்டுப் போக அவ்வளவு நாள் ஆகும். கல்யாணம் கூடிவரும் பெண்ணுக்கு ஊசி தொடங்கும் முன் இதை வீட்டில் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கும் பொதுவாகத் தருவதில்லை, ஏனென்றால் ரத்தக் குழாயை விரித்துக் காப்பதும் இதே சி.ஜி.ஆர்.பி.தான்.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும் ஊசி

மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். காந்திபுரத்தில் வாங்கினால் ஐஸ் பையோடு வாங்கி வாருங்கள். வீட்டில் ஃபிரிட்ஜின் நடுத் தட்டில் வையுங்கள். ஃப்ரீசரில் உறைந்துபோனால் அது குப்பைக்குத்தான். போடுவதற்கு அரை மணி முன்பு வெளியே எடுத்து வைக்க வேண்டும், குலுக்கவும் வெந்நீரில் வைக்கவும் கூடாது. தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டு வயிற்றிலோ, தொடையிலோ தோலுக்கடியில் போடுவது. பேனா ஊசியென்றால் பதினைந்து நொடிவரை அழுத்திப் பிடித்து, சன்னல் முழுக்க மஞ்சளான பிறகே எடுக்க வேண்டும். அதற்குள் எடுத்தால் பாதி மருந்து தோல்மேல் வழிந்துவிடும்.

"ஒரு ஊசி போட்டாப் போதுங்களா?"

பத்தாதுங்க. மூன்று மாதம் போட்டுப் பார்த்துத்தான் தீர்ப்பு. இந்தியாவும் சேர்ந்த எம்பவர் என்ற ஆய்வில் 900 பேருக்கு எரனுமாப் அல்லது வெற்று ஊசி கொடுத்தார்கள். மூன்றாம் மாதத்தில், 140 மில்லிகிராம் போட்டவர்களில் 100க்குச் சுமார் 64 பேருக்கு வலி நாள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. வெற்று ஊசி போட்டவர்களிலும் 100க்கு 45 பேருக்கு அப்படிக் குறைந்தது! எனவே முதல் மாதம் நன்றாக இருந்தது என்பதை மட்டும் வைத்து மருந்தைப் புகழவும் முடியாது, வலி நிற்கவில்லை என்று ஒரே ஊசியோடு கைவிடவும் கூடாது.

நம் மாதிரிப் பெண்ணின் வட்டங்கள் 9இலிருந்து 7, 6, மூன்றாம் மாதம் 4 என்று இறங்கினால் பாதிக்குக் கீழே வந்துவிட்டது, தொடரலாம். 8இலேயே நின்றால் நிறுத்திவிடலாம், அல்லது புரதத்தைப் பிடிக்கும் மற்ற வகைக்கு மாற்றலாம். மிச்சமிருக்கும் நான்கு நாளுக்கு வழக்கமான வலி மாத்திரை உண்டு. இந்த ஊசி வந்த வலியை நிறுத்தாது.

தொந்தரவு என்றால் ஊசி போட்ட இடம் சிவந்து வலிக்கும். எரனுமாப்பில் மலச்சிக்கலும் வரும். சிலருக்குக் கடுமையாகவே வரும். மூன்று நான்கு நாள் வெளிக்குப் போகாமல் வயிறு உப்பினால் அதை மருத்துவரிடம் சொல்ல வெட்கப்பட வேண்டாம். ரத்த அழுத்தம் ஏறலாம் என்ற எச்சரிக்கையும் உண்டு, அதனால் ஒவ்வொரு தடவையும் பிரஷர் பார்த்துக்கொள்வது நல்லது.

ஓராண்டு, ஒன்றரை ஆண்டு போனபின் மருத்துவர்கள் ஊசியை நிறுத்திப் பார்ப்பார்கள். பலருக்குச் சில மாதங்களில் வலி மெல்லத் திரும்புகிறது. எத்தனை நாள் திரும்பியது என்று எண்ணித்தான் மறுபடி தொடங்குவதா என்று முடிவு செய்வார்கள். ஆகவே பழைய காலண்டரைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்.