விலை சொல்லாத புடவை

வீட்டிலிருந்தே சுங்குடிப் புடவை விற்கும் ஒருவரின் போனில் இது தினமும் நடக்கும். படத்துக்குக் கீழே ‘விலைக்கு மெசேஜ் செய்யவும்’ என்று போட்டிருப்பார். ‘விலை என்ன சிஸ்?’ என்று ஒருவர் கேட்பார். ‘850 மா, கூரியர் தனி’ என்று பதில் போகும். இரண்டு டிக்கும் நீலமாகும். அதோடு சரி, அவர் திரும்ப வரமாட்டார்.

அந்த 850 ரூபாயைப் படத்துக்குக் கீழேயே எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பொருளாதார அறிஞர்கள் இந்தக் கேள்வியைச் சுற்றி அறுபது ஆண்டுகளுக்கு மேலாக யோசித்திருக்கிறார்கள். 1961-ல் ஜார்ஜ் ஸ்டிக்லர், விலையைத் தேடித் தெரிந்துகொள்வதே ஒரு செலவு என்று எழுதினார். கடை கடையாக ஏறி இறங்கும் நேரத்தையும் அலைச்சலையும் அவர் கணக்கில் சேர்த்தார். இன்று அலைச்சல் இல்லை. ஆனால் கேட்டுவிட்டு வாங்காமல் போகும் கூச்சம் இருக்கிறது. அந்தக் கூச்சத்தாலேயே எத்தனை பேர் கேட்காமல் நகர்ந்தார்கள் என்பது விற்பவரின் கண்ணில் படுவதே இல்லை.

இதைவிட வியப்பானது 1981-ல் வந்தது. சான்ஃபோர்ட் கிராஸ்மனும் பால் மில்க்ரமும் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தார்கள். அவர்கள் பேசியது பொருளின் தரத்தைப் பற்றி. அதே யோசனையை விலைக்கும் வைத்துப் பார்க்கலாம். ஒரே மாதிரிப் புடவையைப் பத்துப் பேர் விற்கிறார்கள், யாரும் விலை சொல்லவில்லை என்று வைத்துக்கொள்வோம். எல்லோரிலும் குறைவாக விற்பவருக்கு மறைப்பதில் லாபமே இல்லை, அவர் சொல்லிவிடுவார். மிச்சம் ஒன்பது பேரும் அவரைவிட விலை கூடியவர்கள் என்று வாங்குபவர் முடிவு செய்வார். உடனே அந்த ஒன்பது பேரில் குறைந்த விலைக்காரருக்கும் வாயைத் திறக்க வேண்டிய கட்டாயம் வரும். இப்படியே ஒவ்வொருவராகச் சொல்லிவிட, கடைசியில் மௌனமாக நிற்பவர் மிக அதிக விலைக்காரர் மட்டும்தான். அதாவது, விலை சொல்லாததையே ஒரு விலையாக வாங்குபவர் படித்துக்கொள்கிறார்: ‘ரொம்ப ஜாஸ்தி போல.’

நடைமுறையில் எல்லா வாங்குபவர்களும் இவ்வளவு தூரம் யோசிப்பதில்லை. அதனால்தான் மறைத்து விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்படி மறைப்பதைச் சட்டத்தால் தடுக்கும் நாடும் உண்டு: பிலிப்பைன்ஸில் சில்லறைப் பொருளுக்கு விலைச்சீட்டு கட்டாயம் என்று 1992-ம் ஆண்டின் நுகர்வோர் சட்டம் சொல்கிறது. ‘விலைக்கு மெசேஜ் செய்யுங்கள்’ என்பது அதை மீறுவது என்று அந்நாட்டு வர்த்தகத் துறை ஆன்லைன் வியாபாரிகளை எச்சரித்திருக்கிறது.

ஆரி வேலை பிளவுஸ், கல்யாண கேக் போன்றவற்றில் நிலைமை வேறு. அங்கே அளவும் வேலைப்பாடும் தெரியாமல் விலையே இல்லை; மெசேஜ் செய்யச் சொல்வது நியாயம்தான். அப்போதும் ‘1,500 முதல், கல் வைத்தால் கூடும்’ என்று அடிவிலையைச் சொல்லிவிடலாம். பெரும்பாலானவர்கள் உண்மையில் 4,000 கொடுக்கும் இடத்தில் 1,500 என்று போடுவது மட்டும் கூடாது. அது மறைப்பதைவிடக் கெட்ட பெயரைத் தேடித் தரும்.

இனி சுங்குடிக்காரரின் கணக்கு; எண்கள் உதாரணத்துக்குத்தான். விலையை மறைத்த வாரம் 40 பேர் கேட்டு 7 பேர் வாங்கினார்கள். காட்டிய வாரம் 12 பேர் கேட்டு 5 பேர் வாங்கினார்கள். ஒருவரோடு பேச 4 நிமிடம் என்றால் முதல் வாரம் 160 நிமிடம், அடுத்தது 48. புடவைக்கு 150 ரூபாய் லாபம் என்றால், மறைத்ததால் கூடுதலாகக் கிடைத்தது 300 ரூபாய். அதற்குக் கூடுதலாகப் போனது 112 நிமிடம், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு இரவு பதினொரு மணிக்குப் பதில் எழுதுபவருக்கு இந்தக் கணக்கு முக்கியம். 40 மெசேஜ் வந்ததை வியாபாரம் சூடு பிடித்ததாக எண்ணிவிடக் கூடாது.

அந்த 7-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசத்தைக்கூட அப்படியே நம்ப முடியாது. வாரம் ஐந்து புடவை விற்கிற இடத்தில், எதையும் மாற்றாமலேயே ஒரு வாரம் மூன்றும் மறுவாரம் ஏழும் போகும். ஆடித் தள்ளுபடி வாரத்தையும் ஐப்பசியில் தீபாவளிக்கு முந்தைய வாரத்தையும் ஒப்பிட்டால் இன்னும் மோசம். அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு காசைச் சுண்டி, தலை விழுந்தால் விலை, பூ விழுந்தால் மெசேஜ் என்று இரண்டு மாதம் போட்டுப் பார்க்க வேண்டும். நோட்டில் மூன்றே பத்தி போதும்: கேட்டவர்கள், வாங்கியவர்கள், விலை கேட்டதும் காணாமல் போனவர்கள்.

இந்த மூன்றாவது பத்தியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். விலை போட்ட பதிவுகளில் அது ஏறக்குறைய காலியாகவே இருக்கும். அங்கே வரும் மெசேஜ்கள் வேறு மாதிரி: ‘சாயம் போகுமா?’, ‘வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடுமா?’, ‘இதே டிசைன் மெரூனில் இருக்கா அக்கா?’