மெடிக்கல் பில்லிங் இன்டர்வியூ: ‘நீங்க கண்டுபிடிச்ச பெரிய தப்பு என்ன?’ - இந்த ஒரு கேள்வியில் ஒளிந்திருக்கும் 2 டெஸ்ட்!

சென்னையில் அமெரிக்க மருத்துவமனைகளுக்கான பில்லிங் வேலைக்கு ஓர் இன்டர்வியூ நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். “முந்தைய வேலையில நீங்க கண்டுபிடிச்ச பெரிய தப்பு என்ன?” என்று கேட்கிறார்கள்.

“டெக்சாஸ்ல ஒரு சின்ன ஊர் சார். ஸ்கூல் பிரின்சிபல் ஒருத்தங்களுக்கு மார்ச் 14-ம் தேதி முட்டி ஆபரேஷன்...” என்று ஆரம்பித்தால் சிக்கல்தான்.

பேரையே சொல்லலையே, என்ன தப்பு?

அமெரிக்காவில் 1996-ல் வந்த ‘ஹிப்பா’ சட்டத்தின் விதிகள், நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய 18 வகைத் தகவல்களைப் பட்டியலிடுகின்றன. பெயர் அதில் ஒன்று மட்டுமே. ஊரும் சிகிச்சை தேதியும்கூட அதில் அடக்கம். மாநிலத்தையும் வருடத்தையும் சொல்லலாம். ஆனால் சின்ன ஊர், தேதி, வேலை மூன்றும் சேர்ந்தால், அந்த ஊர்க்காரர் யாராக இருந்தாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். இங்கே இப்படிப் பேசுபவர் நாளை நம் நோயாளிகளைப் பற்றியும் வெளியே பேசுவார் என்றுதான் எதிரில் இருப்பவர் நினைப்பார்.

அப்போ எப்படிச் சொல்வது?

ஆளை விட்டுவிட்டு, தவறை மட்டும் சொல்ல வேண்டும். உதாரணமாக:

“ஒரு முட்டி மாற்று ஆபரேஷன் கிளெய்ம். ஆபரேஷன் கோடு 27447 கூட வலது பக்கத்தைக் குறிக்கிற RT இருந்துச்சு. ஆனா நோய்க்கான கோடு M17.12, அது இடது முட்டி தேய்மானம். டாக்டரோட ஆபரேஷன் நோட்டைத் திறந்து பார்த்தேன், வலதுன்னு தெளிவா இருந்துச்சு. M17.11-னு திருத்தி, காரணத்தையும் பதிவு பண்ணிட்டு அனுப்பினேன்.”

இந்தப் பதிலில் நோயாளி யாரென்று தெரியாது. ஆனால் வித்தியாசம் ஒரே ஓர் இலக்கம்தான் என்பதும், அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுத்திருக்கலாம் என்பதும் புரிந்துவிடும்.

அடுத்த கேள்வி இதுவாக இருக்கலாம்: “நோட்லயே ஒரு இடத்துல வலது, இன்னொரு இடத்துல இடதுன்னு இருந்தா?”

“எது சரின்னு நானே முடிவு பண்ண மாட்டேன். டாக்டர் தரப்புக்கு எழுத்துல கேள்வி அனுப்பிட்டு, பதில் வர்ற வரைக்கும் கிளெய்மை நிறுத்தி வைப்பேன்” என்பதே சரியான பதில். வேகத்தைக் காட்ட நினைத்து, பெரும்பாலும் எது வருகிறதோ அதைப் போட்டுவிடுவேன் என்று சொன்னால், யூகத்தில் பில் போடுபவர் என்று தெரிந்துவிடும்.

சாம்பிள் காட்டலாமா?

பழைய ஆபீஸ் ஸ்கிரீன்ஷாட்டைப் பெயரை மறைத்துக் காட்டுவதும் ஆபத்துதான். ஓரத்தில் ரெக்கார்டு நம்பரோ தேதியோ மிச்சம் இருக்கலாம். எதுவுமே இல்லாவிட்டாலும், அது உங்கள் போனுக்கு எப்படி வந்தது என்ற கேள்வி மிஞ்சும்.

“கையில எதுவும் இல்ல மேடம், அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன். நீங்க ஒரு மாதிரி நோட் குடுங்க, கோடு போட்டுக் காட்டுறேன்” என்று சொல்லலாம். வெறுங்கையோடு வந்ததே இந்த வேலைக்கு ஒரு தகுதிதான்.