பூஜ்யத்துக்குக் கீழே போன எண்ணெய், திரும்பி வந்த பழைய கணக்கு

2020 ஏப்ரல் 20, திங்கட்கிழமை. அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஃபியூச்சர்ஸ் வெள்ளியன்று பேரலுக்கு 18.27 டாலரில் முடிந்திருந்தது. அன்று மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. கொரோனாவால் வாங்க ஆளில்லை. சரக்கை எடுத்துக்கொள்ள வேண்டிய ஓக்லஹோமாவின் குஷிங்கில் தொட்டிகளில் இடமில்லை. மறுநாள் ஒப்பந்தம் காலாவதி. கையில் வைத்திருந்தவர்கள் பணம் கொடுத்தாவது தள்ளிவிட்டார்கள். இங்கே எம்சிஎக்ஸ் சந்தையிலும் ஏப்ரல் ஒப்பந்தம் மைனஸ் 2,884 ரூபாயில் தீர்க்கப்பட்டது.

அந்த விலையை நம்பி எழுதப்பட்ட ஆப்ஷன்களின் மதிப்பைக் கணக்கிடுவதில்தான் பெரிய சிக்கல் வந்தது. ஃபியூச்சர்ஸ் ஆப்ஷனுக்கு வழக்கமான சூத்திரம் ஃபிஷர் பிளாக் 1976இல் தந்தது. விலை சதவிகிதக் கணக்கில் ஏறி இறங்கும் என்பது அதன் அடிப்படை. எத்தனை முறை பத்து சதவிகிதம் இறங்கினாலும் விலை பூஜ்யத்தைத் தொடாது. சூத்திரத்துக்குள் விலையின் லாகரிதம் இருக்கிறது. மைனஸ் எண்ணுக்கு லாகரிதம் கிடையாது. விலை பூஜ்யத்தைத் தாண்டியதும் கணக்கு நின்றுவிடும். அதற்கு முன்பே அறிகுறி தெரியும்: நாளுக்கு 2 டாலர் அசைவு என்பது விலை 20 ஆக இருக்கும்போது பத்து சதவிகிதம், விலை 2 ஆகும்போது நூறு சதவிகிதம். சந்தையின் பதற்றம் கூடாமலேயே வாலட்டிலிட்டி எண் தாறுமாறாக எகிறும்.

நியூயார்க் எண்ணெய்ச் சந்தையை நடத்தும் சிஎம்இ குழுமம், ஏப்ரல் 22 முதல் பாஷெலியே மாதிரிக்கு மாறுவதாக அறிவித்தது. லூயி பாஷெலியே 1900இல் பாரிஸில் கொடுத்த ஆய்வேட்டில் இருந்த கணக்கு அது. அவர் விலை அசைவைச் சதவிகிதத்தில் அளக்கவில்லை, பணத்திலேயே அளந்தார். இன்றைய விலையை நடுவில் வைத்து, மேலும் கீழும் சமமாகச் சரியும் மணி வடிவ வளைவை வரைந்தார். பூஜ்யம் அதில் தடுப்புச் சுவர் இல்லை. விலை மைனஸாகப் போகும் என்பதைப் பிற்காலத்தவர் இந்த மாதிரியின் குறையாகச் சொன்னார்கள். 2020இல் அந்தக் குறைதான் கைகொடுத்தது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஃபியூச்சர்ஸ் விலை 10 டாலர். நாளுக்குச் சுமார் 2 டாலர் அசைகிறது. காலாவதிக்கு 25 வர்த்தக நாள். அசைவு நாட்களின் வர்க்கமூலத்தைப் பொறுத்து வளரும். 25க்கு வர்க்கமூலம் 5. ஆக, காலாவதியன்று விலையின் பரவல் 10 டாலர். 10 டாலர் ஸ்ட்ரைக்கில் கால், புட் இரண்டுக்கும் பிரீமியம் பரவலில் ஏறக்குறைய 0.4 பங்கு: 3.99 டாலர். (வட்டியைக் கணக்கில் சேர்க்கவில்லை.) இதே நிலைமைக்கு நாளொன்றுக்கு 20 சதவிகித அசைவு என்று வைத்து பிளாக் சூத்திரத்தில் போட்டால் 3.83 வரும். பெரிய வித்தியாசமில்லை.

இப்போது ஸ்ட்ரைக் பூஜ்யமாக உள்ள புட்டை எடுங்கள். பிளாக் கணக்கில் அதன் மதிப்பு சரியாக பூஜ்யம். விற்பவர் இனாமாகக்கூடக் கொடுக்கலாம். பாஷெலியே கணக்கில், காலாவதியன்று விலை மைனஸில் இருக்க சுமார் 16 சதவிகித வாய்ப்பு. அப்படிப் போனால் சராசரியாக 5.25 டாலர் கீழே போகும். இரண்டையும் பெருக்கினால் 83 சென்ட். ஒரு ஒப்பந்தம் 1,000 பேரல் என்பதால் 830 டாலருக்கு மேல். பிளாக்கை மட்டும் பார்த்த ஆபத்துக் கணக்கில் இந்தத் தொகை கண்ணிலேயே படாது. ஏப்ரல் 20 போன்ற நாளில் அது எத்தனை மடங்காகும் என்று நினைத்துப் பாருங்கள்.

மாதிரியை மாற்றும்போது பலர் இடறுவது அலகில். முன்பு வாலட்டிலிட்டி சதவிகிதம், இப்போது டாலர். பழைய எண்ணை அப்படியே உள்ளே போட்டால் விடை குப்பை. விலைக்கு அருகிலுள்ள ஸ்ட்ரைக்குகளுக்கு, சதவிகிதத்தை விலையால் பெருக்கினால் தோராயமாக டாலர் அளவு கிடைக்கும்.

அதற்காக பாஷெலியேயை எங்கும் பயன்படுத்திவிட முடியாது. அதே உதாரணத்தில் 30 டாலர் ஸ்ட்ரைக் காலைப் பாருங்கள். பிளாக் 1.10 டாலர் சொல்கிறது, பாஷெலியே வெறும் 8 சென்ட். கீழே இருக்கும் ஆபத்தைப் பிடித்த கணக்கு, மேலே திடீரென்று பாயும் விலையைக் கோட்டைவிடுகிறது. கம்பெனிப் பங்குக்கு இது சுத்தமாகப் பொருந்தாது, பங்கு விலை மைனஸாகவே முடியாது. மைனஸாகவும் போகும் வட்டி விகிதத்துக்குப் பொருந்தும்: ஐரோப்பிய மத்திய வங்கி 2014 ஜூனில் தன் டெபாசிட் வட்டியை மைனஸ் 0.10 சதவிகிதமாக்கியது.

எது பொருந்துகிறது என்று சந்தை விலையே காட்டும். ஒவ்வொரு ஸ்ட்ரைக்கிலும் வர்த்தகமாகும் பிரீமியத்திலிருந்து, 'நாளுக்கு எத்தனை டாலர் அசைவு' என்று பின்னோக்கிக் கணக்கிடுங்கள். எல்லா ஸ்ட்ரைக்கிலும் ஏறக்குறைய ஒரே எண் வந்தால் பாஷெலியே பொருந்துகிறது. மேல் ஸ்ட்ரைக்குகளில் அந்த எண் ஏறிக்கொண்டே போனால், வாங்குபவர்கள் விலைப் பாய்ச்சலுக்குப் பயந்து கூடுதலாகக் கொடுக்கிறார்கள். அப்போது எல்லா ஸ்ட்ரைக்குக்கும் ஒரே எண்ணை வைத்து கால் விற்பவர் நஷ்டத்துக்கு விற்கிறார்.