அறுந்த வெள்ளிக் கோடு

தேநீர் சிந்திய கீபோர்டில் ஒரே ஒரு விசை வேலை செய்யவில்லை என்றால் அழுக்கு காரணமாக இருக்கலாம். நாலைந்து விசைகள் சேர்ந்தே ஓய்ந்துவிட்டால், அவற்றை இணைக்கும் கோடு அறுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

உள்ளிருக்கும் பிளாஸ்டிக் தாளில் அந்தக் கோடு வெள்ளி மையால் அச்சிடப்பட்டது. ஈரம் அதை அரித்துக் கருக்கிவிடும். சால்டரிங் ஆகாது, சூட்டில் தாளே சுருங்கிவிடும். மல்டிமீட்டர் முனைகளைக் கோட்டில் மெல்ல நகர்த்தினால் அறுந்த இடம் பிடிபடும்.

அந்த இடத்தின் இருபுறமும் டேப் ஒட்டி, நடுவே மின்கடத்தும் வெள்ளி மையைத் தீட்ட வேண்டும். மை நல்ல கோட்டின் மேலும் சில மில்லிமீட்டர் ஏறட்டும். பக்கத்துக் கோட்டைத் தொட்டால் ஒரு விசைக்கு இரண்டு எழுத்து விழும். நன்றாகக் காயவிட்டு மறுபடி அளந்த பிறகே மூட வேண்டும்.

தாள் மடியும் இடத்தில் மை மட்டும் நிற்காது, வெடித்துவிடும். அங்கே மின்கடத்தும் பசையுள்ள மெல்லிய செப்புப் பட்டையே கைகொடுக்கும்.