வருத்தம் தெரிவிக்கும் மடல்

சாயம் போன சேலையை வாங்கியவருக்குத் துணிக்கடைக்காரர் ஒருவர், "தங்களுக்கு ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருப்பின் வருந்துகிறோம், வாடிக்கையாளர் மனநிறைவே எங்கள் குறிக்கோள்" என எழுதினார். இதில் சேலையும் இல்லை, சாயமும் இல்லை. 'ஏற்பட்டிருப்பின்' என்னும் நிபந்தனை எச்சம், வாங்கியவர் கூறிய இழப்பையே ஐயத்துக்குள்ளாக்குகிறது. 'ஏற்படு' என்னும் வினையோ தவறு செய்தவரை மறைத்துவிடுகிறது.

திருத்திய மடல் இவ்வாறு அமையலாம்: "சாயம் நிற்குமா என்று தாங்கள் கேட்டபோது, சோதித்துப் பாராமலே நிற்கும் என்றேன். முதல் சலவையிலேயே சாயம் இறங்கி, தங்கள் வீட்டு வெள்ளைச் சட்டைகளும் கறைபட்டன. பிழை என்னுடையது. சேலையின் விலையான 850 ரூபாயை இம்மடலுடன் அனுப்பியுள்ளேன். சட்டைகளின் விலையைத் தெரிவித்தால் அதையும் தருவேன்."

'வருந்துகிறோம்' என்னும் பன்மை நீங்கி, 'என்றேன்' என்னும் ஒருமை வந்ததும் பொறுப்பேற்பவர் தெரிகிறார். "சரக்கு அனுப்பியவர் ஏமாற்றிவிட்டார்" என்பது உண்மையாயினும் இங்கு வேண்டா; அது மொத்த வணிகருக்கு எழுதும் மடலுக்குரியது.