ஏழு ஸ்பிரின்ட் என்றைக்கு முடியும்?

சென்னை ஓ.எம்.ஆர். சாலையின் மென்பொருள் அலுவலகங்களில் வேலையின் அளவை மாதக் கணக்கில் சொல்பவர்கள் குறைந்துவிட்டார்கள். "ஏழு ஸ்பிரின்ட்ல முடிச்சுடலாம்" என்றுதான் பேச்சு. ஆனால் பணம் கொடுக்கும் கிளையன்ட்டுக்கு ஸ்பிரின்ட் எண்ணிக்கை போதாது. விளம்பரம் கொடுக்க, பயிற்சி வகுப்பு வைக்க, பழைய மென்பொருளின் உரிமத்தை நிறுத்த அவருக்கு ஒரு தேதி வேண்டும். ஏழு என்ற எண்ணை ஒரு தேதியாக மாற்றும் அந்தச் சின்னக் கணக்கில்தான் பல திட்டங்கள் சறுக்குகின்றன.

ஸ்க்ரம் முறையில் ஸ்பிரின்ட் என்பது நீளம் மாறாத ஒரு காலத்துண்டு. கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லாண்டும் எழுதிய ஸ்க்ரம் கையேடு, அது ஒரு மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது. ஒரு ஸ்பிரின்ட் முடிந்ததும் அடுத்தது உடனே தொடங்கிவிட வேண்டும் என்றும் சொல்கிறது. இடைவெளியே கிடையாது. இரண்டு வார ஸ்பிரின்ட் என்றால் 14 நாள். திங்களில் தொடங்கினால் பத்து வேலைநாள் ஓடி, இரண்டாவது வெள்ளிக்கிழமை முடியும்.

2026 ஜனவரி 5, திங்கட்கிழமை தொடங்கும் ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். ஏழு ஸ்பிரின்ட் என்றால் 98 நாள். ஜனவரி 5-உடன் 98-ஐக் கூட்டினால் ஏப்ரல் 13 வருகிறது, அதுவும் ஒரு திங்கட்கிழமை. பலர் இங்கேயே நின்று அந்தத் தேதியை மெயிலில் எழுதிவிடுகிறார்கள். அது முடியும் நாள் அல்ல. எட்டாவது ஸ்பிரின்ட் ஒன்று இருந்தால் அது தொடங்கும் நாள். குழுவின் கடைசி வேலைநாள் அதற்கு மூன்று நாள் முன்னால் வரும் வெள்ளி, ஏப்ரல் 10. தொடக்கத் தேதி A2 கட்டத்திலும் ஸ்பிரின்ட் எண்ணிக்கை B2 கட்டத்திலும் இருந்தால் எக்செல்லில் இது ஒரே வரி:

```
=A2+14*B2-3
```

இந்தத் தவறை மென்பொருளே தூண்டிவிடுவதும் உண்டு. ஜிராவில் ஸ்பிரின்ட் நீளத்தை இரண்டு வாரம் என்று தேர்ந்தெடுத்தால், 14 நாள் கழித்து வரும் அதே கிழமையைத்தான் அது முடிவுத் தேதியாகக் காட்டும். எக்செல்லின் WORKDAY ஃபார்முலா தொடக்க நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் 70 வேலைநாள் என்று கொடுத்தாலும் ஏப்ரல் 13 என்றே விடை வரும். ஒரு நாள் முன்னாலிருந்து எண்ணச் சொன்னால்தான் ஏப்ரல் 10 கிடைக்கும்:

```
=WORKDAY(A2-1,10*B2)
```

ஒரு திங்கட்கிழமை தள்ளிப் போனால் என்ன குடி முழுகிவிடும் என்று தோன்றலாம். 2026 காலண்டரைப் பாருங்கள். ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டு. முந்தின நாளான 13-ஆம் தேதி பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் கிளையன்ட் அன்று டெமோவுக்காக உட்கார்ந்திருப்பார். காட்டுவதற்கு இங்கே ஆள் இருக்காது.

மாதத்துக்கு இரண்டு ஸ்பிரின்ட் என்று மனக்கணக்குப் போடுவது இன்னொரு வழக்கம். அப்படிப் பார்த்தால் ஏழு ஸ்பிரின்ட் மூன்றரை மாதம் ஆகும். தேதி ஏப்ரல் 20-ஐ ஒட்டிப் போய்விடும், ஒரு வாரத்துக்கும் மேல் பிசகு. ஆண்டுக்கு 24 ஸ்பிரின்ட் அல்ல, 26.

விடை சரியா என்று பார்க்கக் கிழமையே போதும். தொடங்குவது திங்கள், முடிவது வெள்ளி. வேறு கிழமை வந்தால் எங்கோ பிழை. 05/01/2026 என்று எழுதி அனுப்பினால் அமெரிக்காவில் அதை மே 1 என்று படிப்பார்கள். மே 1 வெள்ளிக்கிழமை என்பதைக் கவனித்தாலே குழப்பம் பிடிபட்டுவிடும். தேதியோடு கிழமையையும் எழுதிவிட்டால் இந்தச் சிக்கலே வராது.

விடுமுறைகளை என்ன செய்வது? கணக்கின் முக்கியமான இடம் இதுதான். தமிழக அரசின் பட்டியலில் உள்ள நாள்களில் இந்தக் குழு விடுமுறை எடுப்பவை இவை என்று வைத்துக்கொள்வோம்: ஜனவரி 15 வியாழன் பொங்கல், 16 வெள்ளி திருவள்ளுவர் தினம். ஜனவரி 26 திங்கள் குடியரசு தினம். ஏப்ரல் 3 புனித வெள்ளி. இவற்றைத் தமிழ்ப் புத்தாண்டோடு சேர்த்து WORKDAY-க்குக் கொடுத்தால் அது தேதியை ஏப்ரல் 17-க்குத் தள்ளிவிடும். பார்க்க நியாயமான விடைதான். ஆனால் ஸ்பிரின்ட் கணக்கில் அது தவறு. விடுமுறை வந்தால் ஸ்பிரின்ட் நீளாது. அதற்குள் செய்யக்கூடிய வேலைதான் குறையும். முதல் ஸ்பிரின்ட்டில் எட்டே வேலைநாள் இருந்தாலும் இரண்டாவது ஸ்பிரின்ட் ஜனவரி 19 திங்களன்றே தொடங்கும். வெள்ளி விடுமுறை என்பதால் முதல் ஸ்பிரின்ட்டின் ரிவ்யூவையும் ரெட்ரோவையும் ஜனவரி 14 புதன்கிழமைக்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

ஆக விடுமுறை தொடுவது தேதியை அல்ல, ஏழு என்ற எண்ணை. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இது விளங்கும். பேக்லாக்கில் 180 பாயின்ட் வேலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் கொண்ட இந்தக் குழு விடுமுறை இல்லாத ஸ்பிரின்ட் ஒன்றில் சராசரியாக 28 பாயின்ட் முடிக்கிறது. 180-ஐ 28-ஆல் வகுத்தால் 6.4. அரை ஸ்பிரின்ட் என்று ஒன்று இல்லாததால் அது ஏழாகிறது.

இப்போது நான்கு விடுமுறை நாள்களைக் கழிப்போம். எழுபதில் மிஞ்சுவது 66 வேலைநாள். நாளுக்கு 2.8 பாயின்ட் வீதம் கிட்டத்தட்ட 185. வேலை 180 என்பதால் தப்பித்தோம் என்று தோன்றும். ஆனால் பொங்கலையொட்டி ஆளுக்கு இரண்டு நாள் சொந்த விடுப்பு எடுத்தால் பத்து ஆள்-நாள் குறையும், அதாவது 5.6 பாயின்ட். கையில் இருப்பது 179-தான். ஒரு பாயின்ட் குறைகிறது. முக்கியத்துவம் குறைந்த ஒரு ஸ்டோரியைக் கிளையன்ட் விட்டுக்கொடுக்க வேண்டும், இல்லையென்றால் எட்டாவது ஸ்பிரின்ட் வேண்டும். எட்டாவது என்றால் ஏப்ரல் 24 வெள்ளி. இந்தக் கணக்கில் தேதி ஒரு நாள், இரண்டு நாள் என்று நகராது. நகர்ந்தால் முழுதாக 14 நாள் நகரும். கிளையன்ட்டிடம் முதல் நாளே சொல்ல வேண்டிய செய்தி இது. பெரும்பாலான குழுக்கள் கடைசி வாரத்தில்தான் சொல்கின்றன.

குழுவின் வேகமும் ஒரே எண்ணில் நிற்பதில்லை. மெதுவான ஸ்பிரின்ட்டில் 24, நன்றாக ஓடியதில் 32 என்று இருந்தால், விடுமுறையைச் சேர்க்காமலே ஆறு முதல் எட்டு ஸ்பிரின்ட் வரை ஆகலாம். மார்ச் 27, ஏப்ரல் 10, ஏப்ரல் 24 ஆகிய மூன்று வெள்ளிகளுமே சாத்தியம். நடுத் தேதியை மட்டும் சொல்லிவிட்டு மற்ற இரண்டையும் மறைப்பது நேர்மையான திட்டமிடல் ஆகாது.

கடைசி ஸ்பிரின்ட் முடியும் நாளும், மென்பொருள் மக்கள் கைக்குப் போகும் நாளும் ஒன்றாகத்தான் இருக்கும் என்பதும் இல்லை. கிளையன்ட் தரப்பில் இரண்டு வாரச் சோதனை உண்டு என்று ஒப்பந்தம் சொன்னால் அதையும் கூட்டித்தான் வெளியீட்டுத் தேதி சொல்ல வேண்டும்.

அப்படியானால் மெயிலில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: "தொடக்கம் 5 ஜனவரி 2026, திங்கள். 7 ஸ்பிரின்ட். முடிவு 10 ஏப்ரல், வெள்ளி. எட்டாவது தேவைப்பட்டால் 24 ஏப்ரல், வெள்ளி. எது என்பதை மூன்றாவது ஸ்பிரின்ட் முடியும் பிப்ரவரி 13 அன்று, அதுவரை முடித்த பாயின்ட்டை வைத்துச் சொல்கிறோம்."